காருக்கு அடியிலிருந்து திடீர் இரைச்சல்: கன்வேட்டர் திருடு போயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, பிறகு என்ன செய்வது

திருகோணமலையின் உப்புவெளியில் ஒரு வீட்டுக்கு வெளியே, ஒழுங்கை ஓரமாக இரவு முழுக்க நின்ற மூன்றாம் தலைமுறை பிரியஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்தரைக்குக் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். பொத்தானை அழுத்தியதும் வழமைபோல READY என்று வருகிறது, சத்தம் ஏதும் இல்லை. ஹைபிரிட் கார் என்பதால் முதலில் மோட்டரில்தான் அசைகிறது. சில விநாடிகளில் எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கியதும் உழவு இயந்திரம் ஒன்று இருக்கைக்கு அடியில் ஓடுவதுபோலக் காரே அதிர்கிறது. அக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் அதோடு சேர்ந்து ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. அன்றைக்கே, அல்லது அடுத்த நாள், டாஷ்போட்டில் எஞ்சின் வடிவத்திலுள்ள மஞ்சள் லைட்டும் எரிந்துவிடுகிறது.

இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கட்டலிட்டிக் கன்வேட்டரை. இரவில் யாரோ அறுத்து எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் திருகோணமலையில் அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடவும் முடியாது. கடற்காற்றில் நிற்கும் கார்களின் சைலன்சர் குழாய் உப்பால் அரித்து, ஒருநாள் தானாகவே உடைந்து விழும். அப்போதும் சத்தம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். ஆகவே முதல் வேலை, இரண்டில் எது நடந்தது என்று பார்ப்பது. அதற்கு முன் இந்தப் பாகம் என்ன, அதை ஏன் எடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அறிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயைத் தொடர்ந்து பின்பக்கம் போனால், சைலன்சருக்கு முன்னால் சற்றுத் தடித்த, உருக்கினாலான ஒரு பெட்டி வரும். அதுதான் கன்வேட்டர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். ஒரு சதுர அங்குலத்துக்குப் பெரும்பாலும் 400 அளவில் நுண்ணிய துளைகள் அதில் இருக்கும். அவற்றின் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். புகை இந்தத் துளைகளினூடாகப் போகும்போது நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டு காபன் ஈரொட்சைட்டாக மாறுகிறது. எரியாமல் மிஞ்சிய பெற்றோல் ஆவி நீராவியாகவும் காபன் ஈரொட்சைட்டாகவும் மாறுகிறது. நைதரசன் ஒட்சைட்டுகள் வெறும் நைதரசனாகப் பிரிகின்றன. பெட்டி சுமார் 300 பாகை செல்சியசுக்குச் சூடேறிய பின்புதான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும்.

உலோகங்களின் மொத்த நிறை சில கிராம்தான். ஆனால் அவை மிக அரியவை. 2021ஆம் ஆண்டில் ரோடியத்தின் உலகச் சந்தை விலை ஓர் அவுன்சுக்கு 20,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. அதற்குப் பிறகு நிறைய இறங்கிவிட்டாலும், பழைய கன்வேட்டர்களை வாங்கி உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வியாபாரம் நிற்கவில்லை. திருடனுக்கு முழுக் காரும் வேண்டாம். பூட்டை உடைக்கத் தேவையில்லை, கண்ணாடியை உடைக்கத் தேவையில்லை. ஜக் ஒன்றும் பற்றரியில் ஓடும் வாளும் இருந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

ஹைபிரிட் கார்களில், முக்கியமாகப் பிரியஸ் கார்களில் கண் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றில் எஞ்சின் அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் கன்வேட்டர் குளிர்ந்து போகிறது. குளிர்ந்த நிலையிலும் புகையைச் சுத்தமாக்க வேண்டியிருப்பதால் தயாரிப்பாளர்கள் உலோகத்தைச் சற்றுத் தாராளமாகவே பூசியிருக்கிறார்கள். எஞ்சின் குறைந்த நேரமே ஓடுவதால் அந்தப் பூச்சு அதிகம் தேயாமலும் இருக்கும். அதோடு பிரியசில் கன்வேட்டர் தரைக்கு அடியில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பல சிறிய கார்களில் அது எஞ்சினோடு ஒட்டி, பொனட்டுக்குக் கீழே இருக்கும். அதை நின்ற இடத்தில் அறுத்தெடுப்பது கடினம்.

சத்தமும் லைட்டும் ஏன் சேர்ந்து வருகின்றன

சத்தத்துக்குக் காரணம் எளிது. சைலன்சர் பெட்டிகள் கன்வேட்டருக்குப் பின்னால் இருக்கின்றன. நடுவில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டால் புகை சைலன்சர் வரை போவதே இல்லை. முன் இருக்கைகளுக்கு நேர் கீழே திறந்த குழாய் வழியாக வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. சத்தம் காரின் பின்பக்கத்திலிருந்து வராமல் நடுவிலிருந்து வருவதுபோல இருந்தால் அது ஒரு நல்ல துப்பு.

லைட்டின் கதை இன்னும் சுவையானது. புகைக் குழாயில் இரண்டு ஒட்சிசன் சென்சர்கள் இருக்கும். ஒன்று கன்வேட்டருக்கு முன்னால். காற்றும் பெற்றோலும் சரியான அளவில் எரிகின்றனவா என்று பார்த்து, பெற்றோலைக் கூட்டவோ குறைக்கவோ எஞ்சின் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. சரியான அளவு என்பது ஒரு கிலோ பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று. மற்றச் சென்சர் கன்வேட்டருக்குப் பின்னால், அல்லது அதன் உடலிலேயே பூட்டப்பட்டிருக்கும். கன்வேட்டர் தன் வேலையைச் செய்கிறதா என்று காவல் பார்ப்பது இதுதான். கன்வேட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சரின் அளவு பெரும்பாலும் ஆடாமல் அமைதியாக இருக்கும்.

திருடன் குழாயை அறுக்கும்போது பின் சென்சரும் பெரும்பாலும் கன்வேட்டரோடு போய்விடும். வயர் அறுந்து தொங்கும். சென்சருக்குள் அதைச் சூடாக்கும் சிறிய ஹீட்டர் ஒன்று உண்டு. அதற்குக் கரண்ட் போகவில்லை என்பதைக் கணினி உடனடியாகவே கண்டுகொள்ளும். கணினியின் பழுதுக் குறியீடுகளை வாசிக்கும் ஸ்கேனரைக் கொழுவிப் பார்த்தால் அப்போது P0037 அல்லது P0141 போன்ற குறியீடுகள் தெரியும். சென்சரின் அளவு வராததால் P0136, P0137 ஆகியவையும் வரலாம். இவை எல்லாம் பின் சென்சரைப் பற்றியவை. சில ஸ்கேனர்கள் அதை B1S2 என்று காட்டும்.

சென்சர் அறுபடாமல் தப்பியிருந்தால் வருவது P0420. கன்வேட்டரின் திறன் போதவில்லை என்பது அதன் பொருள். இது உடனே வராது. கணினி ஒரு தடவை பிழை கண்டாலும் அடுத்த ஓட்டத்திலும் அதே பிழையைக் கண்ட பின்புதான் பொதுவாக லைட்டை எரிய வைக்கும். ஆகவே சத்தம் வந்தும் லைட் வரவில்லை என்பதற்காகக் கன்வேட்டர் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. லைட் மின்னி மின்னி எரிந்தால் அது வேறு கதை: எஞ்சின் சிலிண்டரில் பெற்றோல் சரியாகப் பற்றவில்லை என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும்.

ஒன்றைக் கவனமாக நினைவில் வையுங்கள்: இந்தக் குறியீடுகளை இப்போதைக்கு யாரும் அழிக்கக் கூடாது. காப்புறுதிக்கு அவை சாட்சி. ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து வைத்தபின் அழித்தால் போதும். குறியீட்டை அழித்தால் பழுது போய்விடாது, லைட் சில நிமிடங்களிலோ அடுத்த நாளோ திரும்பவும் எரியும்.

அடியில் பாருங்கள், ஆனால் அடியில் போகாதீர்கள்

எஞ்சினை நிறுத்துங்கள். ஹைபிரிட் காரில் எஞ்சின் ஓடாமல் நின்றாலும் கார் முழுதாக அணைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பொத்தானை அழுத்தி READY மறையும் வரை பாருங்கள், சாவியைக் காருக்குள் விடாதீர்கள். இல்லாவிட்டால் நீங்கள் குனிந்து பார்க்கும்போது எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கலாம். கார் ஓடி வந்திருந்தால் ஒரு மணித்தியாலமாவது ஆற விடுங்கள். அந்தக் குழாய்கள் கையைப் பொசுக்கிவிடும்.

ஜக் போட்டு அடியில் நுழைவது வேண்டவே வேண்டாம். திருடனே அவசரத்தில் பிழையான இடத்தில் ஜக் போட்டுத் தகட்டை நசுக்கிவிட்டுப் போயிருக்கலாம், அந்த இடம் மறுபடி பாரம் தாங்காது. கைபேசியில் டோர்ச்சைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு, தரையோடு சேர்த்துக் காருக்கு அடியில் நீட்டினால் போதும். முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின் சக்கரம் வரை மெதுவாக நகர்த்துங்கள். இரு பக்கத்திலிருந்தும் எடுங்கள்.

வீடியோவில் குழாயின் முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாளால் அறுத்த முனை நேராக, வெள்ளிபோல மினுங்கும். சில இடங்களில் வாள் வழுக்கிய கீறல்கள் பக்கத்தில் தெரியும். தரையில் புது உலோகத்தூளும் கிடக்கலாம். பெரும்பாலும் இரண்டு முனைகள் இருக்கும், நடுவில் ஒரு முழத்துக்கும் மேலான வெறுமை. போல்ட்டைக் கழற்றி எடுத்திருந்தால் முன்பக்கம் அறுத்த தடம் இருக்காது, குழாய்களை இணைக்கும் தட்டையான விளிம்பான பிளாஞ்சும் போல்ட் துளைகளும் மட்டும் தெரியும்.

துருப்பிடித்து உடைந்த குழாய் வேறு மாதிரி. முனை கோணல்மாணலாக, பிஸ்கட் உதிர்வதுபோல அடுக்கடுக்காக இருக்கும். நிறம் சிவந்த மண்ணிறம். முக்கியமாக, உடைந்த துண்டு இன்னும் ரப்பர் கொளுக்கியில் தொங்கிக்கொண்டோ தரையில் கிடந்துகொண்டோ இருக்கும். கன்வேட்டரின் உடல் துரு ஏறாத உருக்கு என்பதால் அது லேசில் அரிபடாது. அரிபடுவது அதன் பின்னால் வெல்ட் பண்ணிய இடமும், சைலன்சரின் அடிப்பக்கமும், பிளாஞ்சில் உள்ள ஸ்பிரிங் போல்ட்டும்தான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டி நிற்கும் வாகனங்களில் ஸ்பிரிங் போல்ட் ஒன்று உக்கி உடைந்து, காஸ்கட் பிரிந்து, ஒரே நாளில் பெரிய இரைச்சல் வருவது சாதாரணம். அது சில போல்ட்டும் ஒரு காஸ்கட்டும் போட்டால் தீர்கிற காரியம், பொலிசுக்குப் போகத் தேவையில்லை.

நம் பிரியசில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறை பிரியசில் கன்வேட்டரை அடுத்து, புகையின் சூட்டைக் கொண்டு எஞ்சின் நீரைச் சூடாக்கும் ஒரு அமைப்பு உண்டு. எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் அதற்குள் ஓடுகிறது. திருடன் கொஞ்சம் பின்தள்ளி அறுத்திருந்தால், அல்லது அதையும் சேர்த்து இழுத்திருந்தால், கூலன்ட் குழாய் கிழிந்திருக்கும். காருக்குக் கீழே இளஞ்சிவப்பு நிற நீர் தேங்கியிருந்தால், எஞ்சினை இனி ஒரு தடவைகூட இயக்காதீர்கள். கூலன்ட் இல்லாமல் ஓடினால் எஞ்சின் ஹெட் வளைந்துவிடும். அந்தச் செலவுக்குப் பக்கத்தில் கன்வேட்டரின் விலை பெரிதாகத் தெரியாது.

செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர் தெரிந்தால் கையை நீட்டாதீர்கள். பின்னாலுள்ள பெரிய பற்றரியிலிருந்து முன்பக்கம் போகும் உயர் மின்னழுத்த வயர் அது. அதன் உறையில் கீறல் தெரிந்தால், ஹைபிரிட் வேலை தெரிந்த மெக்கானிக் வரும் வரை காரை யாரும் தொடக் கூடாது.

"கொழும்பு வரைக்கும் தாங்கும்" என்று ஓடிவிடக் கூடாதா?

கன்வேட்டர் இல்லாமலும் எஞ்சின் ஓடும். அதனால்தான் பலர் கந்தளாய், ஹபரணை தாண்டி அப்படியே போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். கூடாது. முதல் காரணம் காபன் மொனொக்சைட்டு. கன்வேட்டருக்கு முன்னால் பெற்றோல் எஞ்சினின் புகையில் இந்த வாயு நூற்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கலாம். வழமையாக அதில் பெரும்பகுதியைக் கன்வேட்டர் அழித்துவிடும், மிச்சமும் காரின் பின்னால்தான் வெளியேறும். இப்போதோ அழிப்பதற்கு எதுவும் இல்லை, வெளியேறும் இடமும் உங்கள் காலுக்குக் கீழே. சில கார்களில் பின் சென்சரின் வயர் தரையிலுள்ள ஒரு துளை வழியாகவே உள்ளே போகிறது. திருடன் வயரைப் பிடித்து இழுத்திருந்தால் அந்தத் துளையை அடைத்திருந்த ரப்பர் மூடியும் விலகியிருக்கும். அது நேராக உள்ளே திறக்கும் வழி. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, நெரிசலில் நின்றால் நிலைமை மோசமாகும். இந்த வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்த பிறகுதான் தெரியும். பின் இருக்கையில் தூங்கும் பிள்ளைக்கு அதுவும் தெரியாது.

இரண்டாவது, சூடு. நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தில் வரும் வாயு, முன்பு குழாய்க்குள் அடங்கிப் போனது, இப்போது பிரேக் குழாய், பெற்றோல் குழாய், வயர், பிளாஸ்டிக் அடிமூடி இவற்றின் மேல் நேராக அடிக்கிறது. காய்ந்த புல் மேல் நிறுத்தினால் அதுவும் பற்றலாம். மூன்றாவது, பின்பக்கக் குழாயைத் தாங்க முன்பக்கம் எதுவும் இல்லாமல் அது ரப்பர் கொளுக்கியில் மட்டும் தொங்குகிறது. ஒரு வேகத்தடையில் மாட்டினால் காரையே தூக்கிவிடும்.

நகர்த்தியே ஆக வேண்டும், தூக்கிச் செல்லும் லொறியும் கிடைக்கவில்லை, கூலன்ட் ஒழுகவில்லை, செம்மஞ்சள் வயரிலும் காயம் இல்லை என்றால் மட்டும், எஞ்சின் குளிர்ந்த நிலையில் தொங்கும் குழாயைக் கட்டுக்கம்பியால் உயர்த்திக் கட்டி, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, பின்னால் யாரையும் ஏற்றாமல், அருகிலுள்ள கராஜ் வரை மெதுவாகப் போகலாம். நாலைந்து கிலோமீற்றர் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம். அதுவும் கீழே சொல்லும் அழைப்புகளை எடுத்து முடித்த பிறகுதான்.

யாருக்கு முதலில் அழைப்பது

முழுக் காப்புறுதி இருந்தால் காரை நகர்த்துமுன் காப்புறுதிக் கம்பனியின் அவசர எண்ணுக்கு அழையுங்கள். எண் காப்புறுதி அட்டையில் இருக்கும். நம் நாட்டில் அவர்களுடைய ஆள் இடத்துக்கே வந்து படம் எடுத்துப் பதிவு செய்வதுதான் வழமை. கார் நகர்ந்துவிட்டால், அறுபட்டது எங்கே, எப்போது என்ற கேள்வி எழும். அழைத்தவுடன் மூன்று விடயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். பாகம் மட்டும் திருடு போனால் உங்கள் ஒப்பந்தம் அதை ஏற்கிறதா? ஏற்றால் பழைய பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, நீங்கள் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை எவ்வளவு? சில ஒப்பந்தங்களில் முழு வாகனமும் திருடு போனால் மட்டுமே இழப்பீடு, உதிரிப்பாகத்துக்குக் கிடையாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் இந்த இழப்புக்கு எதுவும் கிடைக்காது. கார் லீசிங்கில் இருந்தால், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது லீசிங் கம்பனி. அவர்களுக்கும் அன்றே தெரிவியுங்கள். பல சமயம் காப்புறுதிக் கொடுப்பனவு அவர்களின் ஒப்புதலோடுதான் நகரும்.

அடுத்தது பொலிஸ். கார் நின்ற இடம் எந்தப் பொலிஸ் பிரிவோ அங்கேதான் முறைப்பாடு செய்ய வேண்டும். நம் கார் உப்புவெளியில் நின்றது, ஆகவே உப்புவெளிப் பொலிஸ். உரிமையாளர் உவர்மலையில் குடியிருந்தாலும் நகரப் பொலிசுக்குப் போய் நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. திருடர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கண்டால், கிட்டப் போகாமல் 119க்கு அழைத்து, அவர்கள் வந்த வாகனத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் ஓடும் வாள் இருக்கிறவரோடு மல்லுக்கட்டத் தகுந்த பொருள் அல்ல அது.

முறைப்பாட்டில் "சைலன்சர் களவு போனது" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். கட்டலிட்டிக் கன்வேட்டர் என்றும், ஒட்சிசன் சென்சரும் போயிருந்தால் அதையும் சேர்த்தும், காரின் பதிவிலக்கம், செசி இலக்கம், கடைசியாகக் கார் சத்தமில்லாமல் ஓடியது எப்போது, இரைச்சல் முதலில் கேட்டது எப்போது என்பவற்றையும் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு நேரங்களுக்கும் இடைப்பட்ட மணித்தியாலங்களைத்தான் அயலிலுள்ள கடை, விடுதிகளின் கமராப் பதிவில் தேட வேண்டும். பல கமராக்கள் பழைய பதிவைத் தாமாகவே அழித்து அதன்மேல் புதியதைப் பதியும். ஆகவே "பிறகு வந்து பார்க்கிறேன்" என்று விடாமல் அன்றே கேட்டு, அந்தத் துண்டைத் தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டுப் பிரதியை வாங்காமல் திரும்பாதீர்கள், காப்புறுதிக்கு அது கட்டாயம்.

திருத்தும்போது எங்கே ஏமாறுகிறோம்

கராஜில் முதலில் வரும் யோசனை, "வெறும் குழாய் ஒன்றை வெல்ட் பண்ணிவிடுவோம், சத்தம் நின்றுவிடும்" என்பது. சத்தம் நிற்கும். லைட் நிற்காது. புகை நாறும். வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளவும் நேரலாம். உண்மையான கன்வேட்டர் வந்து சேரும் வரை தற்காலிகமாகப் போடுவதென்றால், குழாய் ஒழுக்கின்றிப் பின் சைலன்சர் வரை போக வேண்டும். அதுவும் சில நாட்களுக்கு மட்டும்.

நிரந்தரத் தீர்வுக்கு மூன்று வழி இருக்கிறது. புதிய கம்பனிப் பாகம் விலை கூடியது, ஆனால் காரின் கணினியோடு ஒத்துப்போவதில் சந்தேகமில்லை. பொதுவான வடிவில் வேறு கம்பனிகள் செய்யும் கன்வேட்டர் மலிவு. அதில் உலோகப் பூச்சு குறைவாக இருப்பதால் சில மாதங்களில் P0420 திரும்ப வருவது அடிக்கடி நடக்கிறது. மூன்றாவது, ஜப்பானிலிருந்து வந்த பழைய பாகம். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பலர் தேடுவது இதைத்தான். நல்லதாகக் கிடைத்தால் இதுவே நியாயமான தெரிவு. ஆனால் அதன் இரு முனைகளையும் பாருங்கள். போல்ட் கழற்றி எடுத்த பாகத்தில் பிளாஞ்சு முழுமையாக இருக்கும். வாளால் அறுத்த முனையோடு, பற்றுச்சீட்டும் தர மறுத்தால், அது இன்னொருவரின் வாசலில் அறுக்கப்பட்டதாக இருக்கலாம். வாங்காதீர்கள். இரு முனையாலும் டோர்ச் அடித்துப் பாருங்கள், தேன்கூடு உடையாமல், உருகாமல், கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே கலகலக்கக் கூடாது.

கன்வேட்டரோடு வேலை முடிந்துவிடாது. பின் சென்சர் புதிதாக வேண்டும். பிளாஞ்சுக்குப் புதிய காஸ்கட்டும் புதிய ஸ்பிரிங் போல்ட்டும் வேண்டும், பழையதைத் திரும்பப் போட்டால் கடற்காற்று அதை விரைவில் தின்றுவிடும். சென்சரின் வயர் நடுவில் அறுந்திருந்தால், கூடியவரை அதே காருக்குரிய கனெக்டரோடு கூடிய முழு வயரைப் போடுங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஈயம் வைத்து ஒட்டாமல், அழுத்திப் பூட்டும் இணைப்பி போட்டு, சூட்டில் சுருங்கும் உறையால் மூட வேண்டும். இந்தச் சென்சர்கள் பல வெளிக்காற்றை ஒப்பிட்டு அளப்பவை. அந்தக் காற்று வயரின் இழைகளுக்கு இடையால்தான் உள்ளே போகிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிட்டால் புதுச் சென்சரும் பிழையான அளவே காட்டும். பிறகு கன்வேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெல்டிங் தொடங்குமுன் 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். ஹைபிரிட்டில் பெரிய பற்றரியின் பாதுகாப்புப் பிளக்கையும் தெரிந்தவர் எடுத்துவிட்டே வெல்டிங்கைத் தொடங்க வேண்டும். பிரேக், பெற்றோல் குழாய்களில் வாள் பட்ட கீறல் இருக்கிறதா என்று தேடுவதும், நமது பிரியசில் கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதும், தரையிலுள்ள ரப்பர் மூடியை மறுபடி பொருத்துவதும் இதே வேலையில் அடங்கியவை. சூட்டுத் தடுப்புத் தகடும் கழன்றிருந்தால் திரும்பப் போட மறக்கக் கூடாது. பலர் அதை வீண் தகடு என்று எறிந்துவிடுகிறார்கள். தரைவிரிப்பு பொசுங்காமல் காப்பது அதுதான்.

எல்லாம் முடிந்ததும் குறியீடுகளை அழித்து, இரண்டு மூன்று நாள் வழமைபோல ஓட்டுங்கள். ஸ்கேனரில் கன்வேட்டர் சோதனை முடிந்ததாகக் காட்டி, புதிதாக எந்தக் குறியீடும் வராவிட்டால்தான் கராஜுக்கு மிச்சக் காசைக் கொடுத்து முடிக்கலாம். லைட் அணைந்த அன்றே முடிந்தது என்று எண்ண வேண்டாம். அழித்தவுடன் அது எப்படியும் அணைந்திருக்கும்.

சத்தமே இல்லாமல் போகும் இன்னொரு களவு

வாகனத்தைச் சர்விசுக்கோ வெல்டிங் வேலைக்கோ விட்டு எடுத்த சில நாட்களில், சத்தம் பெரிதாக மாறாமல், லைட் மட்டும் எரிந்து P0420 வந்தால், பெட்டியை விட்டுவிட்டு உள்ளிருந்த தேன்கூட்டை மட்டும் எடுத்திருக்கக்கூடும். பெட்டியைப் பிளந்து, கட்டியை எடுத்து, மறுபடி வெல்ட் பண்ணிவிடுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கன்வேட்டர் இருக்கும். பெட்டியின் நீளவாக்கில் அல்லது முனையைச் சுற்றிக் கம்பனி வெல்டிங்கோடு ஒத்துப்போகாத புதிய வெல்டிங் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறிய நிலையில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால், நிறைந்த பெட்டி மந்தமாகவும் வெறும் பெட்டி தகரம்போலக் கணீரென்றும் ஒலிக்கும். ஆனால் P0420 வந்த எல்லாமே களவு இல்லை. பழைய கன்வேட்டர் தேய்ந்தாலும், முன் குழாயில் காற்று ஒழுகினாலும் அதே குறியீடு வரும். வெல்டிங் தடம் இல்லாமல் யார் மேலும் பழி போடாதீர்கள்.

அதனால்தான் கராஜுக்கு விடுமுன் அடிப்பகுதியை வீடியோ எடுத்து வைப்பது நல்லது. கன்வேட்டரின் மேல் செசி இலக்கத்தைப் பொறித்து, சூடு தாங்கும் பெயின்றால் எழுதிவைத்தால், விற்கப் போகும் இடத்தில் கேள்வி எழும், பொலிஸ் கைப்பற்றினாலும் உங்களுடையது என்று காட்டலாம். அதைச் சுற்றி உருக்குத் தகட்டுக் கவசம் போட விரும்பினால், கூலன்ட் குழாயையும் காற்றோட்டத்தையும் மறைக்காமல், எண்ணெய் மாற்றக் கழற்றக்கூடியதாக அது அமைய வேண்டும். கார் சாய்ந்தால் அலறும் அலாரம், ஜக் போட்டவுடனே எழுப்பிவிடும். இரவில் ஒழுங்கையில் நிறுத்துவதைத் தவிர்க்க முடியாதவர்கள், கன்வேட்டர் எந்தப் பக்கத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தினால், ஜக்கும் ஆளும் நுழைய இடம் கிடைக்காது.